மாமா வாசித்த நாதஸ்வரத்துக்கு ஆல்பக் கம்பெனியின் கிளைம் வந்தால்

கேள்வி: அண்ணா, தர்மபுரி குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர் அன்னைக்கு எங்க மாமா நாதஸ்வரம் வாசிச்சதை நானே போன்ல எடுத்து, 1 நிமிஷம் 40 செகண்ட் ஷார்ட்ஸா யூடியூப்ல போட்டேன். வாசிச்சது தியாகராஜர் கீர்த்தனை. ஏதோ ஒரு நாதஸ்வர ஆல்பத்தோட 0:34ல இருந்து 1:18 வரைக்கும் பொருந்துதுன்னு காப்பிரைட் கிளைம் வந்து வீடியோ பிளாக் ஆயிடுச்சு. போன்ல ஒரிஜினல் இருக்கு. அழிச்சிட்டு மறுபடி ஏத்தலாமா, அப்பீல் போடலாமா? அடுத்த தடவை முன்னாடியே எதையெல்லாம் எடுத்து வெச்சிக்கணும்? அந்த ஷார்ட்ஸ் வீடியோவை டிரைவ்ல ஏத்தி, அதோட லிங்க்கும் ஆல்பத்தோட லிங்க்கும் கீழே போட்டிருக்கேன்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்று. அந்த வீடியோவை அழிக்காதீர்கள். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் அதே ஆல்பம், அதே இடம், அதே கிளைம் மறுபடியும் வரும். நீங்கள் முதலில் ஏற்றிய தேதியும் கைவிட்டுப் போகும். அந்தத் தேதி உங்களுக்கு ஒரு சாட்சி. போனில் இருக்கும் ஒரிஜினலை இன்றைக்கே கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவிலும் காப்பி எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் வீடியோவையும் அந்த ஆல்பத்தையும் இயர்போன் போட்டு நாலைந்து முறை கேட்டேன். கிளைம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது தவறு என்று நீங்களும் நானும் தெரிந்துகொண்டால் போதாது. உங்கள் மறுப்பைப் படிக்கப்போவது யார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

யூடியூப்பில் Content ID என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் பாட்டுகளை அதில் கொடுத்து வைக்கின்றன. புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் அது அந்தப் பாட்டுகளோடு ஒப்பிடுகிறது. ஒலியை மட்டுமல்ல, மெட்டையும் ஒப்பிடும். பொருந்துகிறது என்று தோன்றினால் தானாகவே கிளைம் விழும். அதுவரை மனிதர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் Dispute போடும்போது அது யூடியூப் அலுவலகத்துக்குப் போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிளைம் போட்ட கம்பெனிக்குத்தான் போகிறது. அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க இதே மாதிரி மறுப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், உங்களுடையதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்குவார். அந்த இரண்டு நிமிடத்தில் அவரே இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

பிளாக் ஏன் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போடலாம் என்று 2024 அக்டோபரில் மாற்றினார்கள். ஆனால் 1 நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் Content ID கிளைம் இருந்தால் அது எந்த நாட்டிலும் ஓடாமல் நின்றுவிடும் என்றும் ஒரு விதி வைத்தார்கள். நீண்ட வீடியோவாக இருந்திருந்தால் அந்தக் கம்பெனி விளம்பரப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீடியோவை ஓட விட்டிருக்கலாம். உங்களுடையது 1 நிமிடம் 40 செகண்ட் என்பதால் நேராக பிளாக். இது ஸ்ட்ரைக் இல்லை. சேனலுக்கு இதனால் இன்னும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

மறுப்பு எழுதும் முன்னால் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் எடுத்த வீடியோக்களில் பலவற்றில் கிளைம் சரியாகத்தான் இருக்கும். நாதஸ்வரம் ஒரு பக்கம் வாசித்துக்கொண்டிருக்க, பின்னால் கடைத்தெரு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். நம் காதுக்கு அது விழாத மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு விழும். அதனால் கிளைம் எந்தப் பாட்டின் பெயரில் வந்திருக்கிறது, எந்தச் செகண்டிலிருந்து எந்தச் செகண்ட் வரை என்று யூடியூப் ஸ்டூடியோவில் பார்க்க வேண்டும். அந்த வீடியோ வரிசையில் Copyright என்று இருப்பதைத் தொட்டால் விவரம் வரும். நீங்கள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அந்த 44 செகண்டை நானும் கவனித்துக் கேட்டேன். பின்னால் ஸ்பீக்கர் பாட்டு எதுவும் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் கூட்டத்தின் சத்தமும்தான்.

மாமாவே எப்போதாவது ஸ்டூடியோவில் ஆல்பத்துக்கு வாசித்துக் கொடுத்திருக்கிறாரா என்பதையும் கேட்டு வையுங்கள். நம் பக்கத்து நாதஸ்வரக்காரர்கள் பலர் ஒரு நாள் போய் எட்டு பத்து உருப்படி வாசித்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வந்திருப்பார்கள். எந்தப் பெயரில் அது வெளியானது என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. ஒரே ஆள், ஒரே வாத்தியம், ஒரே கீர்த்தனை என்றால் கம்ப்யூட்டர் குழம்பாமல் என்ன செய்யும். அப்போதும் தேர் அன்று வாசித்தது வேறு பதிவுதான். ஆனால் மறுப்பில் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இனி, எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது. Dispute போடும்போது Original content, License, Fair use, Public domain என்று காரணங்கள் கேட்கும். தியாகராஜர் 1847இல் மறைந்துவிட்டார், அதனால் Public domain என்று உடனே கை போகும். நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரு பாட்டில் உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கீர்த்தனையின் சாகித்யமும் மெட்டும் ஒரு அடுக்கு. நம் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரைதான் அது நிற்கும். தியாகராஜர் விஷயத்தில் அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருவர் வாசித்து, ஒரு கம்பெனி பதிவு செய்து வெளியிட்டால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக, வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அந்தக் கம்பெனி உங்களிடம் கேட்பது தியாகராஜரை அல்ல, தன் பதிவை. நீங்கள் "தியாகராஜர் பழையவர்" என்று மட்டும் எழுதினால், அங்கே இருப்பவர் "சரி, ஆனால் பதிவு எங்களுடையது" என்று ஒரே சொடுக்கில் கிளைமை நிலைநிறுத்திவிடுவார். அவர் கோணத்தில் அது நியாயமும்கூட.

அதனால் Original content என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வாதம் "இது உங்கள் பதிவே இல்லை, என் பதிவு" என்பதுதான். தியாகராஜரைப் பற்றிய வரி இரண்டாவதாக வரட்டும். Fair use பக்கம் போகவே வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் "உங்கள் பதிவைத்தான் எடுத்தேன், ஆனால் நியாயமான அளவுக்கு" என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கீர்த்தனைகள் எல்லாமே பழையவை என்றும் நினைத்துவிடாதீர்கள். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. கோயில்களில் நாதஸ்வரத்தில் அவை நிறைய வாசிக்கப்படுகின்றன. அப்படி ஒன்றுக்கு மெட்டின் பேரில் கிளைம் வந்தால் அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. "கோயில் விழாவில் வாசித்தது, அதற்குக் காப்பிரைட் கிடையாது" என்று வேறு ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. சட்டத்தின் 52ஆவது பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்கு இருப்பது உண்மை. கல்யாண ஊர்வலத்தைக்கூட அது சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அது அந்தச் சடங்கில் வாசிப்பதற்கு. அதை வீடியோவாக்கி இணையத்தில் போடுவதற்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டு மறுப்பில் எழுதாதீர்கள், நிற்காது.

சரி, இது உங்கள் பதிவுதான் என்று எப்படிக் காட்டுவது? நான் முதலில் பார்த்தது சுருதி. மாமா வாசிப்பது 2 கட்டை. ஆல்பம் 2½ கட்டை. போனில் ட்யூனர் ஆப் வைத்தாலே ஒன்று D, மற்றது D# என்று காட்டும். கேட்டவுடன் இது போதுமே என்று தோன்றும். போதாது. பாட்டைத் திருடிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுருதியை ஏற்றி இறக்கித்தான் போடுவார்கள். அதற்கு ஏமாறாமல் இருக்கும்படிதான் அந்த ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். அதனால் கம்பெனிக்காரர் சுருதி வித்தியாசத்தைப் பார்த்தால், நீங்கள் மாற்றியிருப்பீர்கள் என்றுகூட நினைக்கலாம்.

ஒரே பதிவைச் சுருதி மாற்றிப் போட்டால் மாறாமல் அப்படியே இருக்கும் சில உண்டு. அவை உங்கள் வீடியோவில் மாறியிருக்கின்றன என்று காட்டினால்தான் அசைக்க முடியாது. ஆல்பத்தில் அந்தப் பகுதியில் ஒரு சங்கதியை இரண்டு முறை வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். மாமா மூன்று முறை வாசிக்கிறார். உங்கள் வீடியோவில் 0:58 வாக்கில் தேர் அசைந்ததும் தவில் சட்டென்று நின்று, நாதஸ்வரம் மட்டும் நாலைந்து செகண்ட் போகிறது. ஆல்பத்தில் அந்த இடத்தில் தவில் விடாமல் போகிறது. மூச்சு எடுக்கும் இடங்களும் வேறு. எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி, 0:41லிருந்து 0:49 வரை நீங்கள் கிட்டே போய் மாமாவின் விரல்களை எடுத்திருக்கிறீர்கள். துளைகளை மூடித் திறக்கும் ஒவ்வொரு அசைவும் கேட்கிற ஸ்வரத்தோடு ஒட்டிப்போகிறது. வேறு பதிவை மேலே ஒட்டியிருந்தால் இது நடக்கவே நடக்காது.

அந்தப் பெட்டியில் கோப்பு இணைக்க இடம் இருக்காது. எழுத்து மட்டும்தான். இப்படி எழுதுங்கள்:

"இந்த வீடியோவில் உள்ள ஒலி உங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்ததல்ல. தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேரன்று என் மாமா நேரில் வாசித்ததை நானே போனில் பதிவு செய்தேன். வாசித்தவர்களின் எழுத்து ஒப்புதல் என்னிடம் உள்ளது. நீங்கள் குறித்துள்ள 0:34–1:18 பகுதியில், 0:41 முதல் 0:49 வரை வாசிப்பவரின் விரல்கள் அருகில் தெரிகின்றன, ஒலியோடு ஒத்துப்போகின்றன. உங்கள் பதிவில் இரண்டு முறை வரும் சங்கதி இங்கே மூன்று முறை வருகிறது. 0:58இல் இங்கே தவில் நிற்கிறது, உங்கள் பதிவில் தொடர்கிறது. கீர்த்தனை 1847இல் மறைந்த தியாகராஜருடையது. ஒரே ஷாட்டாக எடுத்த முழுப் பதிவும் என்னிடம் உள்ளது, கேட்டால் காட்டுகிறேன்."

அவ்வளவுதான். கம்பெனி வெளி மாநிலத்தது போலத் தெரிந்தால் இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள். மாமா முப்பது வருஷமாக வாசிக்கிறார், எங்கள் உழைப்பைத் திருடுகிறீர்கள் என்றெல்லாம் மனசு கொதிக்கும். அதை எழுதாதீர்கள். படிப்பவரால் அதைச் சரிபார்க்க முடியாது. செகண்ட் கணக்கைச் சரிபார்க்க முடியும்.

இப்போது Dispute போடுவதா, Appeal போடுவதா என்பது. சாதாரணமாக முதலில் Dispute. கம்பெனிக்கு 30 நாள் கெடு. அதற்குள் அவர்கள் கிளைமை விட்டுவிடலாம், மறுத்துக் கிளைமை நிலைநிறுத்தலாம், வீடியோவையே எடுக்கச் சொல்லிச் சட்டப்படி மனுப் போடலாம். எதுவும் செய்யாமல் விட்டால் 30ஆம் நாள் கிளைம் தானாக விழுந்துவிடும். நிலைநிறுத்தினால் நீங்கள் Appeal போடலாம். அதற்கு அவர்களுக்கு 7 நாள்தான். அந்தக் கட்டத்தில் வெறுமனே "இல்லை, எங்களுடையது" என்று சொல்ல முடியாது. விட வேண்டும், அல்லது சட்டப்படி எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கிளைம் காலாவதி.

பிளாக் ஆன வீடியோவுக்கு Escalate to appeal என்று இன்னொரு வழியும் காட்டக்கூடும். முதல் படியைத் தாண்டி நேராக 7 நாள் கெடுவுக்குப் போகும் வழி. வேகமானது, ஆனால் அவர்கள் மறுத்தால் அடுத்தது எடுக்கச் சொல்லும் மனுதான், அதனால் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். சில சமயம் அவர்கள் 7 நாள் தள்ளி எடுக்கும்படி மனுப் போடுவார்கள். அந்த 7 நாளுக்குள் நீங்கள் அப்பீலை வாபஸ் வாங்கினால் ஸ்ட்ரைக் வராது. அதனால் சேனலுக்கான ஜிமெயிலைத் தினமும் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் எண்ணம்: சேனலில் ஏற்கெனவே ஸ்ட்ரைக் எதுவும் இல்லை என்றால், Escalate to appeal காட்டினால் அதையே எடுங்கள். விரல் தெரிகிற ஷாட் இருக்கிறது, முழுப் பதிவு இருக்கிறது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீடியோ திரும்பி வந்தால் யார் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரைக் இருந்தால் மெதுவாகவே போங்கள், Dispute போட்டு 30 நாள் பொறுங்கள்.

அதையும் மீறி வீடியோவை எடுத்துவிட்டார்கள் என்றால் எதிர் அறிவிப்பு என்று ஒன்று போடலாம். அதில் உங்கள் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் கொடுக்க வேண்டும். அது கிளைம் போட்டவருக்குப் போகும். அமெரிக்கச் சட்டப்படி நடக்கும் விஷயம் என்பதால் அங்குள்ள நீதிமன்ற வரம்புக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று உறுதியும் கொடுக்க வேண்டும். அவர்கள் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். இந்தப் படிக்குப் போகும் முன்னால் ஒரு வக்கீலிடம் ஒரிஜினலைக் காட்டிப் பேசிவிடுங்கள். அதற்கு முந்திய படிகளுக்கு வக்கீல் தேவையில்லை.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நான் தோற்ற ஒரு கிளைம். சில வருஷம் முன்பு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்யாணத்தில் எடுத்த கெட்டிமேள வீடியோவுக்கு இதே மாதிரி கிளைம் வந்தது. எடிட் முடிந்ததும் மெமரி கார்டை அடுத்த வேலைக்காக ஃபார்மட் செய்துவிட்டிருந்தேன். பெண் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பி ஒன்றுதான் மிச்சம். அது சுருங்கிப் போய், எடுத்த தேதி எதுவும் இல்லாமல், முன்னும் பின்னும் வெட்டப்பட்டு இருந்தது. வாசித்த தவில்காரர் யார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மறுப்பில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. வீடியோவை விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதனால் ஒரிஜினல் கோப்புதான் முதல் காரியம். போனில் அல்லது கேமராவில் பதிவானது அப்படியே, வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஷார்ட்ஸில் போவது 1 நிமிடம் 40 செகண்டாக இருக்கலாம். எடுப்பது ஐந்தாறு நிமிடம் ஒரே ஷாட்டாக இருக்கட்டும். உங்கள் வீடியோவை ஒருவன் இறக்கித் தன்னுடையது என்று கிளைம் போட்டால்கூட, அவனிடம் இருப்பது அந்த 1:40தான். அதற்கு முந்திய நிமிடமும் பிந்திய நிமிடமும் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாகுமென்டாக அனுப்புங்கள். கூகுள் போட்டோஸில் வைப்பதென்றால் Original quality என்ற அமைப்பில் வையுங்கள், Storage saver என்றால் அதுவும் சுருக்கிவிடும். கேமராவில் எடுப்பவர்கள் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டரி ஒரேயடியாக இறங்கிப் போனால் சில கேமராக்கள் பழைய தேதிக்குப் போய்விடும். தப்பான தேதியோடு இருக்கும் ஒரிஜினல் உதவுவதைவிடச் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ரெக்கார்டை ஆரம்பித்ததும் பத்து செகண்ட் நீங்களே பேசுங்கள். தேதி, இடம், வாசிப்பவர்கள் பெயர், என்ன உருப்படி, என்ன ராகம், எத்தனை கட்டை. அப்படியே கேமராவைக் கோபுரம், தேர், கூட்டம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாமாவிடம் வாருங்கள். ஷார்ட்ஸில் இதை வெட்டிவிடலாம். ஒரிஜினலில் இருந்தால் போதும். ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு முறையாவது விரல்களும் சீவாளி வைத்த வாயும் கிட்டத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். இந்த முறை அது தற்செயலாக அமைந்துவிட்டது.

அடுத்தது வாசிப்பவர்களின் கடிதம். ஒலிப்பதிவை முன்னின்று எடுப்பவர் என்ற முறையில் பதிவு உங்களுடையது. ஆனால் வாசிப்பவருக்கும் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. மாமாதானே என்று விட்டுவிடாதீர்கள், தவில்காரரும் ஒத்துக்காரரும் மாமா இல்லை. ஒரு வெள்ளைத்தாளில், "இன்ன தேதியில் இன்ன இடத்தில் நாங்கள் வாசித்ததை இன்னார் பதிவு செய்து யூடியூப்பிலும் மற்ற தளங்களிலும் வெளியிட எங்களுக்குச் சம்மதம். இதே பதிவை வேறு எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கவில்லை" என்று எழுதி, வாசித்த உருப்படிகளை வரிசையாகக் குறித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். பணம் கொடுத்திருந்தால் தொகையும் எழுதுங்கள். இந்தத் தடவை கடிதம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். மறுப்பு அனுப்பும் முன்னால், இன்றைய தேதி போட்டே வாங்கலாம், அன்று வாசித்ததை இன்று உறுதி செய்வதாக எழுதினால் போதும். பழைய தேதி போட்டு மட்டும் வாங்காதீர்கள். உண்மையான விஷயத்துக்குப் பொய்த் தேதி வேண்டாம்.

மூன்றாவது கொஞ்சம் கம்ப்யூட்டர் வேலை, ஆனால் ஒரு நிமிடம்தான். ஒரிஜினலை விண்டோஸ் கம்ப்யூட்டரில் வைத்து, அந்த ஃபோல்டரில் Command Prompt திறந்து இதை அடியுங்கள், கோப்பின் பெயரை மட்டும் உங்களுடையதாக மாற்றி:

```
certutil -hashfile "VID_01.mp4" SHA256
```

64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வரும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். அதை உங்களுக்கே ஒரு மெயிலாக, கோப்பின் பெயரோடு அனுப்பி வையுங்கள். மெயிலின் தேதி அங்கேயே நிற்கும். இன்ன தேதியில் இதே கோப்பு உங்களிடம் இருந்தது என்பதற்கு அது அடையாளம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது வைக்க வேண்டிய சான்றிதழிலும் இந்த வரியைக் கேட்கிறார்கள். கோர்ட் வரை போகப்போவதில்லை, இருந்தாலும் வேலை ஒரு நிமிடம்தானே.

பின்னணிக்கு வேறு இசை எதுவும் சேர்ப்பதாக இருந்தால், எடுத்த பக்கத்தின் முகவரி, உரிம வாசகம், இறக்கிய தேதி மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த வீடியோவின் ஃபோல்டரிலேயே போடுங்கள். அந்தத் தளங்கள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கும், அன்றைக்கு என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்களைக் காக்கும். இன்ஸ்டாகிராமிலும் இதே வீடியோவைப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பட்டன்கள் வேறு, ஆதாரம் இதேதான்.

இன்னொன்று, ஷார்ட்ஸைப் போனிலிருந்து நேராகப் பப்ளிக்காகப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டூடியோ வழியாக Private ஆக ஏற்றுங்கள். ஏற்றும்போது Checks என்று ஒரு படி வரும். கிளைம் இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். தேருக்கு மறுநாள் காலையில் வெளியிட வேண்டும் என்றால் முந்தின ராத்திரியே ஏற்றிப் பாருங்கள். கிளைம் வந்தால், வெளியே யாருக்கும் தெரியாமலேயே மறுப்பு எழுதிவிட்டு, இன்னொரு உருப்படியைக் காலையில் போட்டுக்கொள்ளலாம். 1 நிமிடத்துக்குள் வெட்டிப் போடுவதும் ஒரு வழிதான், கிளைம் வந்தாலும் கம்பெனியே பிளாக் கேட்டிருந்தால் ஒழிய வீடியோ ஓடும். ஆனால் தவறான கிளைமுக்குப் பயந்து மாமாவின் வாசிப்பைப் பாதியில் வெட்டுவதை என்னால் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. ஒரு சங்கதி முடிய அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.

கிளைம் விலகியதும் ஒரு மெயில் வரும். அதையும் நீங்கள் எழுதிய மறுப்பையும் சேர்த்து வையுங்கள். அந்த ஆல்பம் அங்கேயே இருக்கிறது, மாமாவும் அதே கீர்த்தனையைப் பங்குனி உத்திரத்திலும் வாசிப்பார். அப்போது அதே கம்பெனியிடமிருந்து கிளைம் வந்தால், முதல் வரியிலேயே முந்தின வீடியோவின் லிங்க்கையும் அவர்கள் விலக்கிக்கொண்ட தேதியையும் எழுதிவிடலாம்.